சர்வீஸ் வேகமாகும்னா அது எத்தனை ரூபா? சாஃப்ட்வேர் செலவுக்கு கணக்கு போடுற விதம்

சாஃப்ட்வேர் விக்க வர்றவங்க குடுக்குற தாள்ல ஒரு வரி கண்டிப்பா இருக்கும், "கஸ்டமர் சர்வீஸ் வேகமாகும்". முதலாளி அதை படிச்சுட்டு அக்கவுண்ட்ஸ்ல இருக்கற உங்களை கூப்பிட்டு, இதுல நமக்கு எவ்வளவு வரும்னு போட்டு குடுங்கன்னு சொல்லிட்டு போயிடுவார். வேகத்துக்கு எப்படிங்க ரூபா போடுறது? இந்த இடத்துல புதுசா வர்றவங்க ரெண்டுல ஒண்ணு பண்ணுவாங்க. இதெல்லாம் அளக்க முடியாதுன்னு பூஜ்யம் போடுவாங்க, இல்லன்னா விக்கிறவர் சொன்ன தொகையை அப்படியே எக்செல்ல ஏத்திடுவாங்க. ரெண்டுமே தப்பு. நான் இந்த மாதிரி சின்ன சர்வீஸ் கம்பெனிகளுக்கு கணக்கு போட்டு குடுக்குற வேலைதான் பண்றேன், அதனால ஒரே ஒரு கேஸை எடுத்து முதல்லருந்து கடைசி வரைக்கும் போட்டு காட்டிடறேன். புரியணும்கிறதுக்காக எண்களை ரவுண்டு பண்ணி வச்சிருக்கேன்.

கோயம்புத்தூர்ல யூபிஎஸ், பேட்டரி விக்கிற, அதுக்கு ஏஎம்சி, அதாவது வருஷ பராமரிப்பு ஒப்பந்தம், பாக்குற கம்பெனி. 1,200 ஏஎம்சி கஸ்டமர், பேங்க் கிளை, கிளினிக், ஜெராக்ஸ் கடை, சின்ன மில்லுன்னு எல்லாம் கலந்து. ஒருத்தர் வருஷத்துக்கு சராசரியா ₹18,000 கட்டறார். 8 டெக்னீசியன். கம்ப்ளைன்ட் வந்தா ஆபீஸ்ல இருக்கற அக்கா நோட்டுல எழுதிட்டு வாட்ஸ்அப்ல டெக்னீசியனுக்கு அனுப்புவாங்க. இதுக்கு பதிலா கால் பதிவு பண்ற சாஃப்ட்வேர், டெக்னீசியன் போன்ல ஆப், யூபிஎஸ்ஸுக்குள்ள மாத்தற சர்க்யூட் கார்டுல எது ஸ்டாக்குல இருக்குன்னு ஆப்லயே தெரியும். செலவு ₹6 லட்சம். வித்தவர் போட்ட கணக்கு என்னன்னா, சர்வீஸ் லேட்டாகுறதால வருஷம் 60 கஸ்டமர் போறாங்க, 60 × 18,000 = ₹10.8 லட்சம், அதோட டெக்னீசியன் நேரம் மிச்சம் ₹2 லட்சம், ஆக மொத்தம் ₹12.8 லட்சம், ஆறு மாசத்துல போட்ட காசு திரும்பிடும். இந்த கணக்குல ஒவ்வொரு வரியிலயும் ஒரு ஓட்டை இருக்கு, ஒண்ணொண்ணா பாப்போம்.

முறை என்னன்னா நாலு படி. வேகம்னா எந்த வேகம்னு முதல்ல குறிப்பா சொல்லணும், அதை மணியிலயோ எண்ணிக்கையிலயோ அளக்கணும், சாஃப்ட்வேர் வந்தப்புறம் அந்த எண்ணிக்கை எவ்வளவு மாறும்னு சொல்லணும், கடைசியாத்தான் ரூபாயை தொடணும். நேரா ரூபாய்க்கு தாவினா யாரோ சொன்ன நம்பரை நம்ம நம்பர் மாதிரி எழுத வேண்டி வரும்.

அளக்கறதுக்கு வேற ஒண்ணும் வேண்டாம், நோட்டையும் ஜாப் ஷீட்டையும் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க. நோட்டுல கால் வந்த நேரம் மட்டும்தான் இருக்கும், வேலை முடிஞ்ச நேரம் கஸ்டமர் கையெழுத்து போட்ட ஜாப் ஷீட்லதான் இருக்கும், ரெண்டையும் ஜோடி சேக்கணும். ஒரு கால் எப்படி போச்சுன்னு பாருங்க. திங்கக்கிழமை காலைல 10.20, ஒரு கிளினிக், பேக்கப் நிக்கலைன்னு கம்ப்ளைன்ட். அக்கா வேற கால்ல இருந்ததால வாட்ஸ்அப் போனது 12.45. டெக்னீசியன் அப்ப பொள்ளாச்சியில, அதனால செவ்வாய் 11 மணிக்குத்தான் கிளினிக் போறார். திறந்து பாத்தா சார்ஜர் கார்டு போயிருக்கு, கையில இருக்கறது வேற மாடல் கார்டு. நோட்டுல மாடலே எழுதல. புதன்கிழமை மதியம் சரியான கார்டோட திரும்ப போய் முடிக்கிறார். ரெண்டு நாளுக்கு மேல ஆயிருக்கு, ஆனா நிஜமா ரிப்பேர் பண்ணது நாப்பது நிமிஷம்.

இந்த மாதிரி லேட்டான கால் ஒரு நூறை எடுத்து, ஒவ்வொண்ணும் ஏன் லேட்டுன்னு பக்கத்துல ஒரு வார்த்தை எழுதுங்க. ரெண்டு நாள் வேலை, ஆனா மொத்த கணக்கும் இதுமேலதான் நிக்குது. நம்ம கேஸ்ல 55 கால் தகவல் கோளாறு: செய்தி லேட், மாடல் தெரியல, அட்ரஸ் தப்பு, கார்டு ஆபீஸ்ல இருந்தும் இருக்குன்னு தெரியல. மீதி 45 வேற காரணம்: கார்டே கம்பெனியிலருந்து வரல, கஸ்டமர் கதவை பூட்டிட்டு போயிட்டார், ஆள் பத்தல. சாஃப்ட்வேர் முதல் 55-ஐத்தான் தொடும். வராத கார்டை எந்த ஆப்பும் வரவழைக்காது. இந்த பிரிப்பு இல்லாம "லேட்டெல்லாம் தீர்ந்துடும்"னு போட்டா லாபம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கா தெரியும்.

அடுத்தது, லேட்டானா கஸ்டமர் நிஜமாவே போறாங்களா? போன வருஷம் 180 பேர் ரினியூ பண்ணல. 1,200 பேரையும் ரெண்டா பிரிச்சு பாத்தோம். ஒரு கால் கூட 24 மணி நேரத்தை தாண்டாதவங்க 600 பேர், அதுல போனவங்க 60, அதாவது 10 சதவீதம். ஒரு தடவையாவது தாண்டினவங்க 600 பேர், அதுல போனவங்க 120, அதாவது 20 சதவீதம். ஆஹா, வித்தியாசம் 10 சதவீதம், 60 பேர், வித்தவர் சொன்னது சரிதான்னு தோணும். இங்கதான் கொஞ்சம் நிதானிக்கணும். லேட்டாகுற கஸ்டமர் பெரும்பாலும் தூரத்து ஊர்க்காரங்க, உடுமலை, வால்பாறைன்னு. அவங்க ஊர்லயே ஒருத்தர் கம்மி ரேட்டுக்கு பண்ணி தர ஆரம்பிச்சா நம்ம லேட்டா போகலைன்னாலும் அவர் மாறிடுவார். தூரம்ங்கிற ஒரே காரணம் லேட்டுக்கும் காரணம், ஆள் போறதுக்கும் காரணம். அதனால கோயம்புத்தூர் ஊருக்குள்ள இருக்கறவங்களை மட்டும் தனியா எடுத்து அதே மாதிரி பிரிச்சு பாத்தா வித்தியாசம் ஏழரை சதவீதமா இறங்குச்சு. 600 பேர்ல ஏழரை சதவீதம்னா 45 பேர்.

இதுக்கு ரெண்டாவது சாட்சியா போன் போட்டு கேக்கலாம். ரினியூ பண்ணாத 60 பேருக்கு போன் போட்டோம். "ஏன் சார் போனீங்க"ன்னு கேட்டா பாதி பேர் "ரேட்டு சார்"னு சொல்லி முடிச்சுடுவாங்க, அதுதான் சங்கடம் இல்லாத பதில். "கடைசியா யூபிஎஸ் நின்னப்ப என்ன ஆச்சு"ன்னு கேளுங்க, அப்பதான் கதை வரும். 60 பேர்ல 17 பேர் கதை லேட்டுல வந்து முடிஞ்சுது. 180-க்கு அதை விரிச்சா 51. ஒரு வழி 45, இன்னொரு வழி 51, பக்கத்துல பக்கத்துல வருது, கம்மியான 45-ஐ எடுத்துக்கறோம். அதுல சாஃப்ட்வேர் தொடுறது 55 சதவீதம், ஆக 24 பேர். வித்தவரோட 60 இப்ப 24 ஆயிடுச்சு, ஆனா இந்த 24-க்கு பின்னாடி நோட்டு, ஜாப் ஷீட், போன் கால்னு எல்லாம் இருக்கு, யார் கேட்டாலும் எடுத்து காட்டலாம்.

இப்ப ரூபா. ஒரு கஸ்டமர் போகாம நின்னா ₹18,000 வருதுங்கிறது சரி, ஆனா அவருக்கு நம்ம போடுற கார்டு, கெப்பாசிட்டர், ஃபேன், பெட்ரோல் எல்லாம் சேத்து ₹10,000 போயிடுது. கையில நிக்கறது ₹8,000, அதைத்தான் போடணும். விற்பனையை லாபமா போடுறதுதான் இந்த மாதிரி தாள்கள்ல நான் அதிகமா பாக்குற தப்பு.

அதே சமயம் வித்தவர் நமக்கு சாதகமான ஒரு விஷயத்தையும் விட்டுட்டார். இந்த வருஷம் போகாம நின்ன கஸ்டமர் அடுத்த வருஷமும் பெரும்பாலும் இருப்பார். நம்ம கம்பெனியில 85 சதவீதம் பேர் ரினியூ பண்றாங்க, அதனால எண்ணிக்கை வருஷா வருஷம் சேந்துக்கிட்டே போகும். முதல் வருஷம் பாதிதான் போடுங்க, 12 பேர், ஏன்னா முதல் சில மாசம் டெக்னீசியன்கள் நோட்டையும் விடாம ஆப்பையும் பழகாம இருப்பாங்க, அப்ப ரினியூவலுக்கு வர்ற கஸ்டமரும் பழைய லேட்டை எல்லாம் பாத்து கடுப்பானவங்கதான். ரெண்டாம் வருஷம், அந்த 12-ல 10 பேர் மிச்சம், புதுசா 24, ஆக 34. அதே கணக்குல மூணாம் வருஷம் 53, நாலாம் வருஷம் 69. ₹8,000-ஆல பெருக்கினா ₹96,000, ₹2,72,000, ₹4,24,000, ₹5,52,000. ஏஎம்சி பணம் ரினியூவல் அன்னைக்கே முன்பணமா வர்றதால அந்தந்த வருஷத்துலயே போட்டுக்கலாம்.

அடுத்தது டெக்னீசியன் நேரம், ₹2 லட்சம் மிச்சம்னு சொன்னாரே அது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 நிமிஷம், 8 பேர், 300 நாள், 1,600 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் சேத்து ₹125, பெருக்கினா ₹2 லட்சம், பெருக்கல்ல தப்பே இல்ல. ஆனா மாசக் கடைசியில சம்பளம் போடுறப்ப ஒரு ரூபாயாவது குறையுமா? 8 பேருக்கும் அதே சம்பளம்தான் போகும். நேரம் மிச்சமாகுறது பணமா மாறணும்னா ஓவர்டைம் நிக்கணும், இல்ல புதுசா எடுக்க இருந்த ஆளை எடுக்காம விடணும், இல்ல அந்த நேரத்துல புது வேலை பண்ணி வித்தாகணும். இந்த மூணுல எதுன்னு பேர் சொல்ல முடியலைன்னா அந்த வரிக்கு பூஜ்யம் போடுங்க.

நம்ம கேஸ்ல கோடைகாலத்துல கால் குவியறப்ப ஓவர்டைம் வருஷம் ₹90,000 போகுது, அதுல ₹60,000 குறையும்னு சூப்பர்வைசர் ஒத்துக்கிட்டார், அதை போட்டுக்கலாம். மீதி நேரம் என்னாகுதுன்னா, போகாம நின்ன 69 கஸ்டமருக்கு வருஷம் ஆறு விசிட், ஒவ்வொண்ணும் வண்டி ஓட்டுறது சேத்து ரெண்டு மணி நேரம், 828 மணி நேரம் அங்க போயிடுது. அதனாலதான் அவங்களை பாக்க புது ஆள் எடுக்காம சமாளிக்க முடியுது. அந்த நேரத்தோட மதிப்பு ஏற்கனவே ₹8,000-க்குள்ள வந்தாச்சு, திரும்ப ₹125 போட்டா ஒரே லாபத்தை ரெண்டு தடவை எண்ணின மாதிரி ஆயிடும். ரெண்டு வரி லாபம் ஒரே இடத்துலருந்து வருதான்னு சந்தேகம் வந்தா, "முதல் வரி நடக்கலைன்னா ரெண்டாவது நடக்குமா"ன்னு கேட்டு பாருங்க, தெரிஞ்சுடும்.

தப்பான கார்டோட போய் திரும்ப போற விசிட் வருஷம் 720 இருக்கு, அதுல பாதி குறைஞ்சா பெட்ரோல் ₹90 வீதம் சுமார் ₹30,000 மிச்சம், இது சுலபம். ஓவர்டைமும் இதுவும் சேந்து ₹90,000, முதல் வருஷம் அதுலயும் பாதி.

பில்லிங் விஷயம் கொஞ்சம் கவனமா பாக்கணும். ஏஎம்சி இல்லாத ரிப்பேர், பேட்டரி விற்பனை ஒரு நாளைக்கு ₹40,000 கடனுக்கு போகுது. ஜாப் ஷீட் டெக்னீசியன் பையிலயே பத்து நாள் கிடந்து அப்புறம்தான் ஆபீஸ் வந்து பில் ஆகுது. ஆப்ல கையெழுத்து வாங்கினா அன்னைக்கே பில் போகும். அப்ப பத்து நாள் பணம், ₹4 லட்சம், முன்னாடியே வருமா? பாதிதான் வரும், ஏன்னா சில பேங்க், பெரிய மில்லெல்லாம் நீங்க எப்ப பில் குடுத்தாலும் அவங்க மாசத்துல ஒரு தேதியிலதான் பாஸ் பண்ணுவாங்க. அதனால ₹2 லட்சம். இது லாபம் இல்ல, நம்ம பணமே சீக்கிரம் வருது, அவ்வளவுதான். முதல் வருஷம் உள்ள வர்றதா ஒரு தடவை போடணும், நாலு வருஷத்தோட கணக்கை மூடறதால கடைசி வருஷம் அதே ₹2 லட்சத்தை வெளிய போறதா போடணும். இதுக்கு பதிலா பேங்க் சிசி கடன் வட்டி மிச்சம்னு வருஷா வருஷம் போடுறவங்களும் உண்டு, ஏதாவது ஒரு வழிதான், ரெண்டையும் சேத்து போட்டுடாதீங்க.

செலவுப் பக்கம் வித்தவர் சாஃப்ட்வேருக்கு சொன்னது ₹4 லட்சம்தான். போன் எட்டு ₹96,000, 1,200 கஸ்டமரோட மாடல், பேட்டரி சீரியல் நம்பர் எல்லாம் ஏத்த டேட்டா என்ட்ரி ₹60,000, நோட்டும் ஆப்பும் சேந்து ஓடுற ரெண்டு மாசத்துக்கு கூடுதல் ஆள் ₹44,000, இதெல்லாம் சேந்துதான் ₹6 லட்சம். வருஷா வருஷம் சந்தா ₹1 லட்சம், சிம் ரீசார்ஜ், உடையற போன் எல்லாம் சேத்து ₹1,40,000. ஜிஎஸ்டி இன்புட் எடுத்துக்கறதால வரி இல்லாத தொகையை போட்டிருக்கேன், வருமான வரியும் இதுல சேக்கல, அதை உங்க ஆடிட்டரோட உக்காந்து தனியா போட்டுக்குங்க.

எல்லாத்தையும் கூட்டி கழிச்சா இன்னைக்கு −6,00,000, அப்புறம் நாலு வருஷத்துக்கு 2,01,000, 2,22,000, 3,74,000, 3,02,000. இதை எக்செல்ல B2-லருந்து F2 வரைக்கும் போட்டு, 14 சதவீதத்துல இன்னைக்கு மதிப்புக்கு கொண்டு வரணும். பேங்க் வட்டி 11, மேல மூணு ரிஸ்க்குக்கு. சில பேர் பயந்துக்கிட்டு 25 சதவீதம் போடுவாங்க, வேண்டாம். 60-ஐ 24 ஆக்கினப்பவே, முதல் வருஷத்தை பாதியாக்கினப்பவே சந்தேகத்துக்கு கழிச்சாச்சு, திரும்ப வட்டியில கழிச்சா நல்ல ப்ராஜெக்ட்டும் செத்துடும்.

```
=NPV(14%,C2:F2)+B2
```

B2-ஐ அடைப்புக்குள்ள சேத்துடாதீங்க. எக்செல் முதல் எண்ணையே ஒரு வருஷம் கழிச்சு வர்றதா எடுத்துக்கும், இன்னைக்கு குடுக்கற ₹6 லட்சத்தையும் அடுத்த வருஷம் குடுக்கற மாதிரி குறைச்சுடும். சரியா போட்டா சுமார் ₹1,78,000 வரும், தப்பா போட்டா ₹1,56,000. ரெண்டும் பாக்க நம்பற மாதிரியே இருக்கறதால கண்டுபிடிக்கறது கஷ்டம், ஃபார்முலாவை திறந்துதான் பாக்கணும்.

₹1.78 லட்சம் லாபம், வாங்கலாம்னு முதலாளிக்கு இதோட நிறுத்தி குடுத்துடாதீங்க. கஸ்டமர் நிக்கற வரியை மட்டும் எடுத்துட்டு திரும்ப ஓட்டி பாருங்க. −₹7.28 லட்சம் வருது. அந்த வரியோட மதிப்பு மட்டும் இன்னைக்கு கணக்குல ₹9.06 லட்சம். அப்படின்னா ஓவர்டைம், பெட்ரோல், பில்லிங் எல்லாம் சேந்தும் இந்த செலவை தாங்காது, ப்ராஜெக்ட்டே கஸ்டமர் போகாம நிக்கறதுலதான் நிக்குது. 7.28-ஐ 9.06-ஆல வகுத்தா 80 சதவீதம், அதாவது நம்ம போட்ட 24 பேர்ல 20 பேராவது வருஷம் நிக்கணும், அதுக்கு கீழ போனா நஷ்டம். 12 பேர்தான் நின்னாங்கன்னா −₹2.75 லட்சம்.

இப்ப முதலாளிகிட்ட கேக்குற கேள்வியே மாறிடுது பாருங்க. "சர்வீஸ் வேகத்துக்கு மதிப்பு எவ்வளவு"ன்னு கேட்டா அவர்கிட்டயும் பதில் இருக்காது. "அண்ணா, வேகமா போனா வருஷம் 20 கஸ்டமர் கூடுதலா ரினியூ பண்ணுவாங்களா?"ன்னு கேளுங்க. இருபது வருஷமா அந்த கஸ்டமர்களோட பேசிட்டு இருக்கறவர், அவருக்கு தெரியும். இந்த கேஸ்ல அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு கிளினிக்கும் பேங்க்கும் நிக்கும், ஜெராக்ஸ் கடைக்காரங்க ரேட்டுக்குத்தான் போறாங்க, அவங்க நிக்க மாட்டாங்கன்னு சொன்னார். அதனால ஆப்பை எட்டு பேருக்கும் ஒரே நாள்ல குடுக்காம, கிளினிக், பேங்க் பாக்குற நாலு டெக்னீசியனுக்கு முதல்ல குடுக்கலாம்னு முடிவாச்சு. வித்தவரும் பாதி லைசன்ஸோட ஆரம்பிக்க ஒத்துக்கிட்டார்.

கடைசி வேலை ஒண்ணு இருக்கு, அதை ஆப் ஓட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பண்ணணும். பழைய நோட்டுலருந்து மூணு எண்ணை எழுதி தேதி போட்டு முதலாளிகிட்ட கையெழுத்து வாங்கி வைங்க: கால் வந்ததுலருந்து வேலை முடியற வரைக்கும் சராசரி எத்தனை மணி, நூறு விசிட்ல எத்தனை திரும்ப போனது, மாசாமாசம் ரினியூவலுக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் நின்னாங்க. கிளினிக், பேங்க் தனியா, மத்தவங்க தனியா எழுதுங்க, ஆப் இல்லாத நாலு டெக்னீசியனோட கஸ்டமர்கள் நமக்கு ஒப்பிட்டு பாக்க கிடைச்ச ஆளுங்க. ஆப் வந்த மறுநாளே நோட்டு அலமாரிக்கு போயிடும், ஆறு மாசம் கழிச்சு பழைய எண்ணை தேடினா கிடைக்காது. மணி நேரம் முதல் மூணு மாசத்துலயே குறையணும், குறையலைன்னா ரினியூவல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், டெக்னீசியன் இன்னும் வாட்ஸ்அப்லதான் வேலை வாங்கறாரான்னு அன்னைக்கே போய் பாருங்க.